எங்கள் வீடு, பக்கம் 53

கோலசிலாங்கூர் டவுனில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், கணினிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கும். புத்தகம் மெஷினுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்க வேண்டியவை அதில் இருந்தன. முதலில் ஹெடர், அதாவது பக்கத்தின் உச்சியில் சின்ன எழுத்தில் ஓடும் தலைப்பு. அடுத்து பக்க எண். பிறகு தனி வரி, அதாவது பத்தியை விட்டு அடுத்த பக்கத்தின் உச்சியில் ஒற்றையாய் நிற்கும் வரி. கடைசியில் ‘இந்தப் பக்கம் காண்க’ என்று வருகிற சுட்டுகள். ஒரு சுற்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முதலாளி அம்மாவின் சட்டம். ஹெடரைப் பார்க்கும்போது கீழே இருக்கும் கதையைப் படித்தால் திட்டுவார். படிக்க ஆரம்பித்தால் கண் உச்சிக்குப் போகாது என்பார்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து புத்தகம் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் எழுதிய கட்டுரைகள். அதைத் திரட்டியவர் அந்தத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்த ஒரு பெரியவர். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் எழுதிய கட்டுரைக்கு ‘எங்கள் வீடு’ என்று பெயர். அடுத்ததாக வருவது அவருடைய தம்பி எழுதியது, ‘அப்பாவின் சைக்கிள்’. தம்பி சுங்கை புரோங்கில் பள்ளி பஸ் ஓட்டுகிறார். தோட்டம் மூடியபோது குடும்பத்துக்குக் கிடைத்த வீடு அண்ணன் பேருக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. தம்பி கட்டுரையைக்கூட அவர்கள் அக்கா மூலமாகத்தான் கொடுத்தனுப்பினார். எல்லாம் முடிகிற நேரத்தில் வந்ததால், முதலாளி அம்மாவே அவசரமாக அதை உள்ளே சேர்த்தார்.

கையெழுத்துப் போட்டு ஒப்புதல் கொடுக்க அண்ணன் வந்த காலையில் நான் கடைசிச் சுற்றைத் தொடங்கினேன். இடப்பக்கம் புத்தகத்தின் பெயர், வலப்பக்கம் கட்டுரையின் பெயர். அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் ஹெடர் வரக் கூடாது. உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டே தாள்களைப் புரட்டினேன். ஐம்பத்தொன்பதில் கை நின்றது. தம்பியின் கட்டுரை ஐம்பத்தேழில் தொடங்கிவிட்டது. ஆனால் ஐம்பத்தொன்பதின் உச்சியில் ‘எங்கள் வீடு’ என்றே இருந்தது. அறுபத்தொன்றிலும் அப்படித்தான். முன்னால் திருப்பிப் பொருளடக்கத்தைப் பார்த்தேன். தம்பியின் கட்டுரை அதில் இல்லவே இல்லை.

காரணம் சின்னதுதான். மற்ற தலைப்புகளுக்கெல்லாம் ‘இது அத்தியாயத் தலைப்பு’ என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதைப் பார்த்துத்தான் அது ஹெடரையும் பொருளடக்கத்தையும் தானே போட்டுக்கொள்ளும். தம்பியின் தலைப்பு மட்டும் கையால் பெரிதாக்கி, தடிப்பாக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கணினிக்கு அது வெறும் பெரிய எழுத்து. அதனால் பழைய தலைப்பையே ஓட்டிக்கொண்டு போயிருந்தது.

“நான்தான்லா செஞ்சது,” என்று முதலாளி அம்மா உடனே சொன்னார்.

அண்ணன் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இது இப்படியே அச்சாகியிருந்தா, நான் வேணும்னே செஞ்சேன்னு அவன் சாகுற வரைக்கும் சொல்லுவான்,” என்றார். குரலில் கோபம் இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

தலைப்பைச் சரிசெய்தேன். ஹெடர் மாறியது, பொருளடக்கத்திலும் பெயர் ஏறியது. ஆனால் முறையான தலைப்புக்கு மேலே கொஞ்சம் அதிக இடம் உண்டு. அது கட்டுரை முழுவதையும் கீழே தள்ளி, கடைசி வரியை அடுத்த பக்கத்துக்கு அனுப்பிவிட்டது. அறுபத்திரண்டில் முடிய வேண்டிய கட்டுரையின் ஒற்றை வரி அறுபத்துமூன்றின் உச்சியில் தனியாக நின்றது. ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதால் அறுபத்துநான்கு வெறும் பக்கமானது. அதற்குப் பின்னால் வந்த எல்லா எண்ணும் இரண்டு இரண்டு கூடிவிட்டது.

எழுத்து இடைவெளியை நெருக்கிப் பார்த்தேன். வரி ஏறவில்லை. இன்னும் நெருக்கினால் அசிங்கமாகத் தெரியும். நாலைந்து சொற்களை எடுத்தால் போதும்.

“என் கட்டுரையிலே எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்குங்க,” என்றார் அண்ணன். அவருடையதை வெட்டினால் தம்பியின் வரி ஏறாது என்று விளக்கினேன். எழுதியவரைக் கேட்காமல் எழுத்தில் கை வைப்பதில்லை என்று முதலாளி அம்மா தம்பிக்குப் போன் செய்தார்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு அவர் வந்துவிட்டார். உள்ளே அண்ணனைப் பார்த்ததும் வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று என்னிடம் மட்டும் கேட்டார். சைக்கிளின் நிறத்தைப் பற்றி அறுபத்தொன்றில் இரண்டு முறை எழுதியிருந்தார். ஒன்றை எடுத்தார். வரி மேலே ஏறியது, எண்களும் பழைய இடத்துக்கு வந்தன.

மிச்சம் இருந்தது சுட்டுகள். பக்க எண்கள் நிலைத்த பிறகுதான் அவற்றைப் பார்ப்போம். எழுதியவர்கள் கையால் அடித்த எண்கள் என்பதால் தானாக மாறாது. ஒவ்வொன்றையும் படித்து, சொன்ன பக்கத்தைத் திறந்து, சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பத்துமூன்றாம் பக்கத்தில் அண்ணன் எழுதியிருந்த சுட்டு வந்தது. வழக்கம்போல வாய்விட்டுப் படித்தேன்.

“அப்பாவின் கடைசி நாட்களில் நான் கூட இல்லை. இருந்தவன் என் தம்பி. அதைச் சொல்லும் தகுதி அவனுக்குத்தான் உண்டு. பக்கம் 58 காண்க.”

ஐம்பத்தெட்டைத் திறந்தேன். அங்கே அப்பா சைக்கிள் வாங்கிய கதைதான் இருந்தது. “அங்கிள், அப்பாவோட கடைசி நாளு பத்தி எங்க வருது?” என்று தம்பியிடம் கேட்டேன்.

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “இத எப்ப எழுதின?”

“உன் கட்டுரைய அக்கா கொண்டாந்து, இவங்க உள்ள சேர்த்த அன்னைக்கு. அப்ப அது அம்பத்தெட்டுலதான் இருந்துச்சு. இந்த வரியச் சேர்த்ததுல தள்ளிப்போயிருக்கும்.”

தம்பி தாள்களைப் புரட்டி அறுபதாம் பக்கத்தைக் காட்டினார். 58ஐ 60 ஆக்கினேன். அவர் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கும் அந்த மாதிரி ஒன்னு போடணும், மா,” என்று என்னிடம் சொன்னார். “நாங்க பொறந்த வீட்டப் பத்தி அண்ணன் நல்லா எழுதியிருக்கு. பக்கம் 53 காண்கன்னு போடு.”

போட்டேன். கடைசி வரி மறுபடியும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அதை அவரிடம் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் திரையை நெருங்கிப் படித்து, ஒரு வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார். “இத எடுத்துடு.”

‘அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை’ என்ற வாக்கியம் அது. எடுத்தேன். வரி மேலே வந்து உட்கார்ந்தது. அண்ணன் இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. தம்பியும் என்ன எடுத்தார் என்று சொல்லவில்லை; நானும் வாயைத் திறக்கவில்லை.

எதையாவது தொட்டால் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஹெடரிலிருந்து மறுபடி தொடங்கினேன். நேரமாகும் என்று சொன்னதும் தம்பி எழுந்து, எதிர்க் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொன்னார். வாசல் வரை போய் நின்றார்.

“வரியா, அண்ணே?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர்கள் திரும்பி வந்தபோது நான் சுட்டுகளை முடித்திருந்தேன். அண்ணன் ஒவ்வொரு தாளையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வருட தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு பெர்ஜுந்தாயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்ததாக அவர்கள் அக்கா முதலாளி அம்மாவிடம் சொன்னாராம். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம்.