ஆயிரத்து இருபது கிராம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதே கையெழுத்தில் நான் எழுதிய ஓர் அட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு நூல் கடை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் நூல் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு நூலைக் கையில் வாங்கினால் தராசில் போடும் முன்பே எடை தெரிந்துவிடும். பிறகு அந்தக் கடைக்காரரின் தம்பி விளையாட்டுச் சாமான் கடை திறந்தபோது என்னையும் அழைத்துக்கொண்டார். நாற்பது வயதில் நான் பந்து விற்க வந்தேன்.

எனக்குப் பேச வராது. யாராவது விலை கேட்டாலே முதலாளியைக் கை காட்டிவிடுவேன். முதலாளி ஒருநாள் சலித்துப்போய், “பேச வரலைன்னா எழுதியாவது தொங்க விடுய்யா” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு கிரிக்கெட் மட்டைக்கும் அட்டை எழுதிக் கட்டினேன். இன்ன மரம், இவ்வளவு எடை, யாருக்குப் பொருந்தும் என்று மூன்று விஷயங்கள். சாமான் வாங்க வருகிற கல்லூரிப் பையன்களும் பள்ளிக்கூட ட்ரில் மாஸ்டரும் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வேன். சந்தேகம் என்றால் நானே தூக்கிப் பார்ப்பேன். பழைய கடையிலிருந்து நூல் தராசை இரவல் வாங்கி நிறுப்பேன்.

முதலாளிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கனமான சேலை விலை உசத்தி என்பதால் கனமான மட்டையும் உசத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பார். வடக்கேயிருந்து ஒரே மரத்தில், ஒரே தரத்தில் இரண்டு மட்டைகள் வந்தன. கனமானதற்கு அவர் விலையை ஏற்றி வைத்தார். நான் எழுதிய அட்டைகள் இவை:

“காஷ்மீர் வில்லோ மரம். பிரம்புக் கைப்பிடி, நடுவில் ரப்பர் பட்டை. எடை ஆயிரத்து இருநூற்று இருபது கிராம், அதாவது இரண்டு பவுண்டு பதினோரு அவுன்ஸ். தோள் பலம் உள்ளவர், முன்னால் வந்து ஓங்கி அடிப்பவர் எடுக்கலாம்.”

“அதே மரம், அதே கைப்பிடி. எடை ஆயிரத்து இருபது கிராம், அதாவது இரண்டு பவுண்டு நாலு அவுன்ஸ். மணிக்கட்டால் திருப்பி அடிப்பவர், கட் அடிப்பவர், மேட் விரிப்பில் எழும்பும் பந்தை ஆடுபவர் எடுக்கலாம். ஓங்கி அடிப்பவருக்கு ஆகாது.”

ஒரு திங்கட்கிழமை ஐயம்பேட்டை அணியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கேப்டன் கிணற்று ஏற்றம் இறைத்து வளர்ந்த விவசாயி வீட்டு ஆள். கதவு மாதிரி நெஞ்சு. மற்றவர் தறி நெய்கிறவர், ஒல்லியான ஆள். முதலில் இறங்கி ஆடுபவர் அவர்தான். அணியின் ஓட்டத்தில் பாதி அவருடையது. ஊரே சேர்ந்து ஒரே ஒரு மட்டைக்குத்தான் காசு திரட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் அணியோடு இறுதிப் பந்தயம்.

கேப்டன் கனமான மட்டையைத் தூக்கி, “இதான்பா மட்டை! இன்னா கனம் பாரு” என்றார். முதலாளி முகம் மலர்ந்தது.

நெசவுக்காரர் என் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, இதுல எனக்கு எதுண்ணே?” என்றார்.

எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. “இடது கையால மட்டும் புடிச்சி நேரா நீட்டுங்க” என்றேன். வலக்கை ஆட்டக்காரருக்கு மேலே பிடிக்கிற கை இடது. மட்டையைத் தூக்குவது அதுதான். கனமான மட்டையை நீட்டினார். நான் ஐந்து எண்ணுவதற்குள் நுனி தாழ்ந்தது. லேசானதை நீட்டினார். பத்து எண்ணியும் ஆடவில்லை.

“இத்தினி லேசா? விசிறிக்கினு போறதுக்கா?” என்று கேப்டன் சிரித்தார்.

“பாதி ரன்னு அவர் அடிக்கிறாருன்னா அவர் கைக்குத்தாங்க வாங்கணும்” என்றேன். முதலாளி என்னை முறைத்தார். அவர்கள் லேசான மட்டையை வாங்கிக்கொண்டு போனதும், “ஞாயித்துக்கிழம அந்த மட்ட சொதப்புச்சின்னா அட்டையெல்லாம் கழட்டிட்டு நீ குடோனுக்குப் போய்யா” என்றார். நூல் கடையில் பன்னிரண்டு வருஷமும் குடோனில்தான் இருந்தேன். அந்த அட்டைகள் வந்தபிறகுதான் கடையின் முன்பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது.

புது மட்டையை அப்படியே ஆட முடியாது. முகத்தில் ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவி, பழைய பந்தால் தட்டிப் பதப்படுத்த வேண்டும். அதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆறு நாளும் தறி வேலை முடிந்ததும் டொக், டொக் என்று தட்டினாராம். பக்கத்து வீட்டுக்காரர், “புதுசா தறி எறக்கிட்டியாபா?” என்று எட்டிப் பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கம் மைதானத்துக்கு சைக்கிளில் போனேன். முதலாளியும் வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தரையில் தேங்காய் நார் மேட் விரித்திருந்தார்கள். அதில் பந்து குத்தினால் நெஞ்சுக்கு எழும்பும்.

வாலாஜாபாத் தொண்ணூற்றொரு ஓட்டம் எடுத்தது. ஐயம்பேட்டைக்கு நல்ல மட்டை ஒன்றுதான். மற்றது நூல் சுற்றிய விரிசல் மட்டை. ஓட்டம் எடுக்கும்போது, அடுத்த பந்தை ஆடுபவர் கைக்கு நல்லது போக, நடுவழியில் இரண்டு பேரும் மட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெசவுக்காரர் நாற்பதைத் தாண்டினார். மறுபக்கம் விக்கெட்டுகள் சரிந்தன. கேப்டன் இறங்கினார். புது மட்டையைக் கையில் வாங்கி ஒரே சுழற்று! மட்டை பந்துக்கு முன்பே போய்விட்டது. நுனியில் பட்ட பந்து வானத்துக்கு ஏறி எதிரி கையில் இறங்கியது.

வெளியே வந்தவர் நேராக என்னிடம்தான் வந்தார். “மட்டையா அண்ணே இது? தென்னம் ஈர்க்கு!” கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. காது சுட்டது. ஓங்கி அடிப்பவருக்கு ஆகாது என்று எழுதியிருந்தேனே என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. முதலாளி நாற்காலியிலிருந்து குடோன் பக்கம் கையைக் காட்டுவது போல எனக்குத் தோன்றியது.

கடைசிப் பந்து. மூன்று ஓட்டம் வேண்டும். விக்கெட் ஒன்றுதான் மிச்சம். நல்லவேளை, நெசவுக்காரர்தான் ஆடும் பக்கத்தில் நின்றார். வேகப்பந்துக்காரன் ஓடிவந்து பாதியில் குத்தினான். மேட்டில் பட்ட பந்து வெளியே விலகி விலாவுக்கு எழும்பியது. தாண்டிப் போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் பின்காலில் சாய்ந்து, கடைசி நொடியில், தறியில் நாடா ஓடக் கயிற்றை இழுக்கிற மாதிரி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். டக்! ஆறு நாள் முன்பு அடித்திருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. தட்டித் தட்டிப் பழகிய மட்டையின் சத்தம் அது. பாயிண்டில் நின்றவன் பாய்ந்தான். பந்து அவன் விரலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. எல்லைச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி என் சைக்கிள் சக்கரத்தில் மோதியது. நாலு ஓட்டம்!

நான் கத்தினேன். “ஆயிரத்து இருபது! ஆயிரத்து இருபது கிராம்!” என்று கத்தினேனாம். முதலாளிதான் பிறகு சொன்னார். எனக்கு நினைவில் இருப்பது நெசவுக்காரர் மட்டையைத் தூக்கி என் பக்கம் காட்டியதும், யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்ததும்தான்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே கேப்டன் நின்றிருந்தார். கனமான மட்டையின் அட்டையை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கேட்காமலே இடது கையை நீட்டி மட்டையைப் பிடித்துக்கொண்டு, “எண்ணுண்ணே” என்றார். இருபது எண்ணினேன். மட்டை அசையவே இல்லை.

“இது எனக்கு. என் சொந்தக் காசு. ஆனா வெல இன்னாத்துக்கு ஒசத்தி? அதே மரம்னு நீதானே எழுதிக்கிற?”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். பேனாவை எடுத்து, கனமான மட்டையின் விலையை அடித்துவிட்டு, மற்றதன் விலையை எழுதினார்.

“நாளைக்கு இறகுப்பந்து மட்ட வருது” என்றார் என்னிடம். “அதுக்கும் எழுதிடுய்யா.”

எழுதி முடித்தது: 1977, பங்குனி ஏழாம் தேதி.