ஓரத்தில் எழுதிய ‘எங்க?’

“மச்சான், உங்கட விமர்சனத்த ஸகியா குப்பைக்குள்ள போட்டிட்டாவாம்!”

மட்டக்களப்பு நாவற்குடாவிலிருந்து என் மாமா மகள் நிருஷா அனுப்பிய குரல்பதிவு. அவளுக்குச் சொன்னது அச்சகத்தில் வேலை செய்யும் தோழி. தோழிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. “ஒஸ்லோவில இருந்து எழுதினா விட்டிருவாவா?” என்று சிரிப்பு வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதியது உதயரூபனின் முதல் நாவலைப் பற்றி. கல்லடிப் பள்ளியில் ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்தவன். நான் வெளிநாடு வந்து இருபது வருடத்தில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மச்சான், என்ட புத்தகத்தப் பத்தி நீ எழுதணும்.”

ஸகியா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏறாவூர்க்காரி, உப தபாலகம் ஒன்றில் வேலை. மூன்று மாதத்துக்கொருமுறை வரும் எங்கள் சஞ்சிகையின் விமர்சனப் பக்கங்களைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறார். தன் பெயரில் ஒரு வரி எழுதியதில்லை. வந்த கட்டுரையை அச்செடுத்து இரண்டு பேனைகளோடு உட்காருவார். கதையைத் திருப்பிச் சொல்லும் வரிகளுக்கு நீலக்கோடு, விமர்சகரின் மதிப்பீட்டுக்குச் சிவப்புக்கோடு. பிறகு படம் எடுத்து அனுப்புவார்.

என்னுடையதும் அப்படித்தான் வந்தது. ஐந்து பக்கம், எல்லாம் நீலம். சிவப்பு மூன்றே வரி: ‘மட்டக்களப்பின் பேச்சுமொழி அச்சொட்டாகப் பதிவாகியுள்ளது’, ‘நெஞ்சை உருக்கும் பாத்திரங்கள்’, ‘அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்.’ ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்ன எழுத்தில் ‘எங்க?’

உடனே அழைத்தேன்.

“குப்பைக்குள்ள போட்டதாக் கேள்விப்பட்டன் அக்கா.”

“குப்பைக்குள்ள போடுறதுக்கு ரெண்டு பேனையால ஏன் தம்பி கோடடிக்கப் போறன்? கதை முழுக்க நீங்களே சொல்லிட்டீங்க. கடைசியில தோணிய ஆர் எரிச்ச எண்டதையும் சொல்லிட்டீங்க. இனி புத்தகத்த ஆர் வாசிக்கிற?”

“பாராட்டித்தானே எழுதியிருக்கன்?”

“பாராட்டியிருக்கீங்க. விலாசம் இல்ல. விலாசமில்லாத கடிதம் எங்கட தபால் கந்தோரில மூலையிலதான் கிடக்கும். எந்தப் பக்கம், எந்த வசனம், அது ஏன் நல்லாயிருக்கு? அதச் சொல்லுங்க. கதைய ஒரு பந்தியில முடிங்க. செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் பக்கம் கட்டுறம்.”

“குறை சொல்லச் சொல்றீங்களா?”

“குறையும் கேக்கல்ல, நிறையும் கேக்கல்ல. எங்க எண்டுதான் கேக்கிறன்.”

அந்தச் சனிக்கிழமை பென்சிலோடு நாவலை மறுபடி திறந்தேன். முப்பத்து நான்காம் பக்கத்தில் ஒரு தகப்பன் வறண்ட வயல்வெளியிலிருந்து வந்து, “வட்டை வெடிச்சுக் கிடக்கு, இஞ்ச சிரிப்புக் கேக்குது” என்கிறான். அவன் கோபப்பட்டான் என்று உதயரூபன் எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் அழகு. முதல் ‘எங்க?’வுக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

அறுபத்தோராம் பக்கத்தில் அந்த மகிழ்ச்சி போனது. ஏறாவூர்ப் பெண் ஸில்மியா தன் மூத்த சகோதரியைக் கூப்பிடுகிறாள்: “அக்கா, உம்மா தேடுறா.” எண்பத்தெட்டிலும் அக்கா. நூற்றுப் பன்னிரண்டிலும் அக்கா. ஏறாவூர் முஸ்லிம் வீட்டில் அது ராத்தா. உதயரூபன் தன் வீட்டுச் சொல்லை அவள் வாயில் வைத்துவிட்டான். முன்பு இரண்டு தரம் வாசித்தும் என் காதில் அது இடறவில்லை. அதன்மேல்தான் ‘அச்சொட்டாக’ என்று எழுதியிருந்தேன்.

இதை எழுதினால் உதயரூபன் என்னோடு பேசுவானா? எழுதாமல் ‘அச்சொட்டாக’வை எப்படி விடுவது? மீண்டும் அழைத்தேன்.

“அறுபத்தோராம் பக்கம், அக்கா...”

 சிரித்தார். “நீங்க என்னை அக்கா எண்டு கூப்பிடலாம் தம்பி. என்ட தங்கச்சி ஸஹீதா கூப்பிட மாட்டாள்.”

“உங்களுக்கு முதலே தெரியுமா?”

“முதல் வாசிப்பிலயே.”

“சொல்லியிருக்கலாமே!”

“நான் சொன்னா அது என்ட விமர்சனம். நீங்க கண்டதுக்குத்தான் உங்கட பேரப் போடலாம்.”

கதையை ஒன்பது வரியில் சுருக்கினேன். தோணியை எரித்தவன் பெயரை எடுத்துவிட்டேன். முப்பத்து நான்காம் பக்கத்துக்கு ஒரு பந்தி. ‘உழவர் வீட்டுப் பேச்சில் தவறாத காது, ஏறாவூர் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது’ என்று அறுபத்தோராம் பக்கத்துக்கு ஒரு பந்தி. ‘அச்சொட்டாக’வையும் உருகிய நெஞ்சையும் ‘அனைவரும்’ என்பதையும் வெட்டினேன்.

பள்ளியில் தமிழிலும் இங்கே நோர்வேஜிய மொழியிலும் படித்தவன் நான். இரண்டிலும் நிறைய எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். எந்த மொழியிலும் என்னை யாரும் இவ்வளவு பொறுமையாக வாசித்ததில்லை. திருத்திய பிரதியை அக்கா ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பினார். நன்றி சொன்னேன்.

“அது கிடக்கட்டும். அச்சில பாக்க முதல் உதயரூபனுக்கு நீங்களே சொல்லிருங்க. உங்கட கூட்டாளி.”

இன்று திங்கள். அங்கே பின்னேரம் நான்கு மணி, அவன் வேலை முடிந்து வந்திருக்கும் நேரம். என்ன சொல்வதென்று ஒரு தாளில் எழுதி, அடித்து, கடைசியில் தாளில்லாமலே அழைத்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. வெட்டிவிட்டு மறுபடி அழைத்திருக்கிறேன்; இதுவும் போய்க்கொண்டிருக்கிறது.