பதினெட்டாம் யாண்டில் கட்டிய வரி

நடந்தவை, வரிசையாக:

1. அக்டோபர் முதல் தேதி ஆயுத பூசை. என் மடிக்கணினிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். விசைப்பலகையின் இடுக்கில் பொரி விழுந்தது.
2. செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதியே ஜப்பானுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நான், அம்மாவின் பிடிவாதத்தால், விஜயதசமியும் முடிந்து அக்டோபர் மூன்றாம் தேதி விமானம் ஏறினேன்.
3. ஜூலை வரை அங்கே வேலை. எங்கள் நிறுவனத்தின் ஜப்பான் கிளைதான் சம்பளம் கொடுத்தது. கொடுக்கும்போதே நூற்றுக்கு இருபது வரியாகப் பிடித்துக்கொண்டது.
4. ஊர் திரும்பினேன். அதே சம்பளத்துக்கு இந்தியாவும் வரி கேட்டது.
5. அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொண்டு, மிச்ச வரியைக் கட்டி, படிவம் தாக்கல் செய்தேன்.
6. ஓராண்டு கழித்து, கழித்ததற்கு ஆதாரம் கேட்டு வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.
7. அம்மா அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள். நான் ஒன்பது பிரிவுகள் கொண்ட கோப்பு ஒன்று தயாரித்தேன். காரியம் எதனால் முடிந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

இந்தப் பட்டியலின் இரண்டாவது வரியில்தான் எல்லா வினையும் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் அந்த நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாளாவது இந்தியாவில் இருந்திருந்தால், அவர் இங்கே குடியிருப்பவர். குடியிருப்பவர் உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நூற்று எண்பத்தாறு நாள். இருபத்தைந்தாம் தேதியே கிளம்பியிருந்தால் நூற்று எழுபத்தெட்டோடு தப்பித்திருப்பேன். ஜப்பானில் வாங்கிய சம்பளத்தை இந்தியா திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

இதை அம்மாவிடம் சொன்னேன்.

"சரஸ்வதியக் கும்புடாம போயிருந்தா உனக்கு அந்த வேலையே வந்திருக்காதுடி" என்றாள்.

"வேலை ஆறு மாசம் முன்னாடியே வந்துடுச்சும்மா."

"அது போன வருஷம் கும்புட்டது."

அம்மா கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். இருபது வருடமாக முட்டைக்கும் பருப்புக்கும் தணிக்கைக்காரர்களிடம் பதில் சொல்லித் தேறியவள். அவளிடம் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

கடிதம் வந்த நேரம்தான் மோசம். திருவண்ணாமலையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைப் பௌர்ணமிக் கூட்டத்துக்கான விடுதியாக மாற்றப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கிரிவலம் வருகிறவர்கள் ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதை நாங்கள் பத்து நாளில் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்மீது தப்புச் சொல்ல முடியாது. அதனால் வேங்கிக்காலில் அம்மாவுக்காக ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். மூன்று மாதத்தில் பாக்கியைக் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஜப்பான் சேமிப்பு அதற்குச் சரியாக இருந்தது. 'சரியாக' என்றால் பத்திரச் செலவு போக ஒரு பால் குக்கர் வாங்கலாம். வரி அலுவலகம் கழிவை மறுத்தால், அந்தத் தொகையை வட்டியோடு கட்ட வேண்டும். மனை போகும், முன்பணமும் போகும்.

எனக்கு வேலை சென்னையில்தான். ஆனால் வருமான வரிக்கான நிரந்தரக் கணக்கு எண் வாங்கும்போது ஊர் முகவரியைக் கொடுத்திருந்தேன். ஆகவே என் கோப்பு திருவண்ணாமலையில், அரிசி ஆலைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவில் இருந்தது.

படிவம் தாக்கல் செய்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அந்த வருடம்தான் புதுப் படிவங்கள் வந்திருந்தன. நான் இருபத்திரண்டு பக்க ஆதாரத்தைப் பின்னால் தைத்துக் கொண்டுபோனேன். தபால் பிரிவில் இருந்த எழுத்தர், கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை என்ற ஊர்ப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஊசி எடுக்கும் கருவியால் அத்தனையையும் பிரித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"புது ரூல் மேடம். எதையும் சேத்து வைக்கக் கூடாது. வச்சா நாங்களே பிரிச்சுக் குடுத்துடணும்."

"அப்ப நான் சொல்றது நெசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் ஒரு வருஷம் கழிச்சுக் கேப்பாங்க."

கேட்டார்கள். வரச் சொன்ன நாள் பௌர்ணமி. சென்னைப் பேருந்து ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. முக்திக்காக நடப்பவர்களோடு வரிக்கழிவுக்காக நானும் நடந்தேன். அவர்கள் செருப்பில்லாமல் நடந்தார்கள். என் கோரிக்கை சிறியது என்பதால் நான் செருப்போடு நடந்தேன்.

வருமான வரி அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். என் கோப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது பிரிவு, ஒன்பது வண்ணத் தாள்.

"நீங்க ஆடிட்டரா?"

"இல்ல சார், மென்பொருள்."

"அதான பாத்தேன். ஆடிட்டருங்க இவ்ளோ ஒழுங்கா கொண்டாற மாட்டாங்க."

முதலில் அடிப்படை. ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் நகலை வைத்தேன். அவர் அலமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, அதே பிரிவை வரி வரியாக ஒப்பிட்டார். அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கலாம். ஆனால் அந்த வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருமோ அதற்குமேல் கழிக்கக் கூடாது. என் மொத்த வருமானத்துக்கு இங்கே சராசரியாக நூற்றுக்கு இருபத்துநாலு வந்தது. அங்கே இருபது. ஆகவே இருபதையும் கழித்து, நாலை நான் ஏற்கெனவே கட்டியிருந்தேன். அங்கே முப்பது பிடித்திருந்தால், மேலே உள்ள ஆறு ஜப்பான் அரசுக்கு என் அன்பளிப்பு.

"சரி. வரி கட்டினதுக்குச் சான்று?"

இரண்டு சான்றிதழ்களைக் கொடுத்தேன். முழுக்க ஜப்பானிய எழுத்து. மூலையில் சின்னதாக, வட்டமாக, சிவப்பாக நிறுவனத்தின் முத்திரை. அலமாரியில் கோப்பு அடுக்க வந்திருந்த அடி அண்ணாமலைப் பெண் எட்டிப் பார்த்து, "குங்குமம் வச்ச மாதிரி இருக்கு" என்றாள். என் மடிக்கணினி நினைவுக்கு வந்தது.

அதிகாரி ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தார். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செய்தது. மனிதர் மகா நேர்மைசாலி. இருந்ததை இருந்தபடியே எழுதியிருந்தார்.

"ஹெய்செய் பதினெட்டுனு போட்டிருக்கு. இன்னாம்மா இது? ஹெய்செய் யாரு, உங்க மேனேஜரா?"

"வருஷம் சார். அங்க அரசர் பட்டத்துக்கு வந்ததும் அந்த ஆட்சிக்கு ஒரு பேர் வச்சு, ஒண்ணு ரெண்டுனு எண்ணுவாங்க. பதினெட்டுனா ரெண்டாயிரத்து ஆறு. பத்தொன்பதுனா ரெண்டாயிரத்து ஏழு."

"அப்படினு நீங்க சொல்றீங்க. பேப்பர்ல இல்லயே. ராஜா காலத்து ரசீதக் கொண்டாந்து குடுத்தா நான் எந்த வருஷத்துல ஏத்தறது?"

ஒன்பது பிரிவுக்கு மேல் பத்தாவதாக ஒன்று வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து மாதம் அந்த ஊரில் இருந்து, பால் பொட்டலத்திலிருந்து பல் மருத்துவர் சீட்டு வரைக்கும் அந்த எண்ணையே பார்த்துப் பழகியதில், மற்றவர்களுக்கு அது புரியாது என்பதே மறந்துபோயிருந்தது. அதிகாரி பேனாவை மூடினார். மூடிய பேனாவில் வேங்கிக்கால் மனை தெரிந்தது.

அப்போது அலமாரிப் பக்கமிருந்து குரல் வந்தது. "சார், நம்ம கோயில் சுவத்துல இப்படித்தான சார் வெட்டியிருக்கு? ராசா பேரப் போட்டு, 'யாண்டு பதினெட்டாவது'னு. கி.பி.யெல்லாம் நாமளாக் கூட்டிக்கறதுதான்."

அதிகாரி திரும்பினார். "உனக்கெப்படித் தெரியும்?"

"கோயிலுக்குப் போனா நீங்க நேரா உள்ள போய்ச் சாமியப் பாப்பீங்க. வரிசை நகர்ற வரைக்கும் நான் சுவத்தத்தான் பாக்கணும். பக்கத்துல பலகையில வெளக்கம் வச்சிருக்காங்க. வெளக்குக்கு ஆடு குடுத்தது, நெலம் குடுத்தது, அந்த நெலத்துக்கு வரி தள்ளுபடி பண்ணது எல்லாம் இருக்கு."

"வரி தள்ளுபடியா? யாரு ஆர்டர் போட்டது?"

"ராசாவே போட்டது சார்."

"அவருக்கு ஆடிட் கெடையாது. போடுவாரு."

ஆனாலும் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கும் அதற்குள் மூளை திரும்பியிருந்தது. சான்றிதழில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் பதினெட்டாம் ஆண்டு, பத்தாம் மாதம் என்று இருந்தது. கடவுச்சீட்டைத் திறந்து, ஜப்பான் விமான நிலையத்தில் குத்திய முத்திரையைக் காட்டினேன். அதில் ஆங்கில ஆண்டு, அதே அக்டோபர். இன்னொரு சான்றிதழில் வேலை முடிந்த நாள் பத்தொன்பதாம் ஆண்டு ஜூலை. கடவுச்சீட்டில் அதற்கு நேராக நாடு திரும்பிய முத்திரை. அவர் இரண்டையும் விரலால் பிடித்து மூன்று முறை சரிபார்த்தார்.

பிறகு இன்னொரு சந்தேகம். "இந்தப் பத்தொன்பதாவது வருஷத்துச் சான்றுல வரி ஜாஸ்தி இருக்கு. நீங்க கம்மியா கழிச்சிருக்கீங்க. ஏன்?"

"அவங்க வருஷம் ஜனவரியில ஆரம்பிக்குது சார். அந்தச் சான்று ஜனவரியிலருந்து ஜூலை வரைக்கும். நம்ம வருஷம் மார்ச்சோட முடியுது. அதனால மூணு மாசத்துக்கு மட்டும் எடுத்திருக்கேன். மாதச் சம்பளச் சீட்டு ஆறாவது பிரிவுல இருக்கு. ஏப்ரல்லருந்து உள்ளது அடுத்த வருஷக் கணக்குல."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் சர்வீஸ்ல ஜாஸ்தி கேட்டவங்களத்தான் பாத்திருக்கேன். கம்மியா கேட்டா எனக்குப் பயமா இருக்குதும்மா."

ஒரு மணி நேரம் மாதம் மாதமாகக் கூட்டினார். கூட்டல் சரியாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசியில் கடவுச்சீட்டின் நகலை வாங்கி, அதன் ஓரத்தில் நான் சொன்ன ஆண்டு விளக்கத்தை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஹெய்செய் ஆட்சிக்கு நான் சாட்சி.

வெளியே வரும்போது எழுத்தருக்கு நன்றி சொன்னேன். "அடுத்த வருஷத்துக்கும் இதே பேப்பர்தான மேடம்? அப்பயும் சேத்துத் தைக்காதீங்க. பிரிச்சுப் பிரிச்சு வெரல் வலிக்குது."

ஐந்தாவது வாரம் உத்தரவு வந்தது. கழிவு முழுதாக ஏற்கப்பட்டது. கட்ட வேண்டியது ஏதுமில்லை. அம்மா அதைப் பூசை அறையில் வைத்தாள். நான் எடுத்து நகல் போட்டுவிட்டுத் திரும்ப வைத்தேன்.

இப்போதைய நிலவரம் இதுதான். மனை அம்மா பேரில் பதிவாகிவிட்டது. அடித்தளம் வரை எழும்பியிருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரைக்குமான கழிவுக்கு அடுத்த ஆண்டின் படிவத்தைக் கொடுத்தாயிற்று. அதற்கும் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். கோப்பில் பத்தாவது பிரிவு சேர்த்திருக்கிறேன்.