மூன்று வாயில் வராத புகார்

போன செவ்வாய்க்கிழமை மரியம்மை தக்கலையில் என் வீட்டைத் தேடி வந்தாள். "சாயாக்கடை அண்ணாச்சி போயிட்டாரு, ரைட்டரய்யா. காலையில அடக்கம் பண்ணியாச்சு" என்றாள். அவளை வாசற்படியில் உட்காரச் சொன்னேன். மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் அவள் கணவன் தாசையன் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் வேலை பார்த்தவன். அங்கே ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் நான். ஆபீசுக்கு எதிரே ஞானமுத்து அண்ணாச்சியின் சாயாக்கடை. தோட்டத்தில் அவர் கையால் குடிக்காதவர் யார்? தோட்டத்து ஜனங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் புகார் என்றால் கங்காணி வழியாகத்தான் ஆபீசுக்கு, மானேஜர் துரையிடம் வர வேண்டும். பெரும்பாலும் புகாரே கங்காணி மேல்தான். வாயைத் திறந்தவன் அன்றைக்கே தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அதனால் வெட்டிய ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஊற்றிய கையோடு எல்லோரும் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவுவார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் பேச்சு நடப்பதே தெரியாது. "ம்" என்பார், அவ்வளவுதான்.

ஒருவர் மட்டும் சொன்னதை அவர் என்னிடம் எடுத்துவர மாட்டார். அதே குறையைத் தனித்தனியாக மூன்று பேர் சொல்லும்வரை காத்திருப்பார். பிறகு எனக்குச் சாயாவை நீட்டும்போது, "பால் உறைய ஊத்துத ஆசிட்டு பொம்பளையளுக்கக் கைய அரிக்கி" என்று மட்டும் சொல்வார். "மூணு வாயில வந்தா அது யாருக்க வாயின்னு தொரைக்குத் தெரியாது" என்பது அவர் கணக்கு. நான் புகார்ப் புத்தகத்தில் 'பெண்கள் பலர்' என்று எழுதுவேன். அப்படி எத்தனையோ காரியம் நடந்தது.

தாசையன் சொன்னதற்கு மட்டும் இரண்டாவது வாய் இல்லை. புகைப்புரையில் வேலை அவன் ஒருவனுக்குத்தான். கீழே குழியில் விறகு புகையும். மேலே தட்டுத் தட்டாகக் கட்டிய மூங்கில்களில் ரப்பர் ஷீட்டுகள் தொங்கும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஏறி அவற்றைத் திருப்பிப் போட வேண்டும். சூட்டில் காய்ந்து மேல்தட்டு மூங்கில்கள் கீறல் விட்டிருந்தன. "கால வச்சா நெறுநெறுங்குது அண்ணாச்சி. ஆனா சொல்லிராதீங்க, பிள்ளையளக் கொண்டு நான் எங்க போவேன்?" என்று தினமும் அவரிடம் அழுதிருக்கிறான்.

அண்ணாச்சி பன்னிரண்டு நாள் பொறுத்தார். பதின்மூன்றாம் நாள் ஆபீஸ் வராந்தாவுக்கே ஏறி வந்தார். அதற்குமுன் அவர் அந்தப் படி ஏறியதில்லை.

"புகைப்புரையில மேல்தட்டு மூங்கிலு மாத்தணும் ரைட்டரே."

"யாரு சொன்னா?"

"அத மட்டும் கேக்காதீங்க."

"பேரு இல்லாம எப்படி எழுத? புத்தகத்துல பேருக்கு ஒரு கட்டம் இருக்குல்லா. பலர்னு போட அங்க ஒரு ஆளுதானே உண்டு?"

கேட்டபோதே எனக்குத் தெரியும், அது தாசையன் என்று. "எளுதாட்டாலும் ஒருக்கா போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி இறங்கினார். நான் போகவில்லை. ஏன் போகவில்லை? துரை கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான். வேறு சாக்கு ஒன்றும் என்னிடம் இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் மேல்தட்டு முறிந்தது. ஷீட்டுகளோடு தாசையன் நெருப்புக்குழியில் விழுந்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து இறந்தான்.

விசாரணையில் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒன்றும் இல்லை. அவன் கடையில் சொல்லிப் புலம்பியது எப்படியோ வெளியே வந்திருந்தது; அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். "நீர் யாரிடமாவது சொன்னீரா?" என்றார் துரை. வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்குத் தெரியும். நான்தான் ஒருத்தருகிட்டயும் சொல்லல்ல" என்றார்.

அதை என் கையாலேயே எழுதினேன். பாவி நான், எழுதினேன்.

தோட்டத்து நிலம் என்று கடையைப் பிரித்துவிட்டார்கள். அது போகட்டும். அவரிடம் கொட்டித் தீர்த்த ஜனங்களே அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரித்த கூரைக் கீற்றை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பேரச் சொன்னா அந்த ஆளுக்குச் சோலி போவும். இவ்வளவு காலம் யாரையும் காட்டிக் குடுக்காதவன் ஒம்மள மட்டும் காட்டிக் குடுக்கவா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மரியம்மை எழுந்திருக்கும்போது சொன்னாள்: "எனக்க மாப்பிள சொன்னத அவரு மனசுலயே வச்சிக்கிட்டாருன்னு இத்தன வருசம் நான் அவருகூடப் பேசல்ல அய்யா. கடைசியில ரெண்டு மட்டம் ஆளனுப்பிக் கேட்டாரு, பிள்ளையளு சாப்பிடுதான்னு. அதுக்கும் பதில் சொல்லல்ல."

"அவரு சொன்னாரு, மரியம்மை" என்றேன். "எங்கிட்டதான் சொன்னாரு."

அவள் வாசற்படி இறங்கிப் போனாள்.

அண்ணாச்சி என்னிடம் விட்டுப்போனது ஒன்றுதான், அவர் கடைசிவரை சொல்லாத ஒரு பெயர். அது என் பெயர். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களே, இனி என்னைக் கண்டால் திருப்பிக்கொள்ளுங்கள்.