இரண்டு கட்டம் தள்ளி வந்த காற்று

எழுபதுகளில் நான் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். காய்ச்சல், அட்டைக்கடி, பிரசவம், இவைதான் என் உலகம். மனசுக்கும் சார்ட் போடலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம்.

ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் பக்கம் ஒருவர் வேலை பார்த்தார். நல்ல மனிதர். திடீரென்று ஒருநாள் கண் சிவந்து, எதிரில் வருகிறவரையெல்லாம் திட்டுவார். ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கரின் சட்டையைக்கூடப் பிடித்துவிட்டார். அப்புறம் பல நாள் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குடியா என்றால் அதுவும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: பெண்டாட்டியின் வாய்தான் காரணம். அந்தப் பெண்ணோ, பாவம், நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் டிஸ்பென்சரிக்கு வந்தால்கூட விரலால் வயிற்றைக் காட்டிவிட்டு நிற்பாள்.

இன்னொரு தகராறு வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும். பிள்ளைகளோடு மலையிறங்க வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை கீழிருந்து ஒரு மலையாள டாக்டர் வருவார். கேள்வியைச் சோத்தியம் என்பார். அவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன்.

"மருந்து பின்னே, சிஸ்டர். தினம் ரெண்டு சோத்தியம் மதி, போதும். எப்படி உறங்கினார், மனசு எப்படி இருக்கு. அவர் என்ன சொல்றாரோ அதை மட்டும் எழுது. உன் அபிப்பிராயம் வேண்டா."

காலையில் எல்லாரும் கூடுகிற இடம் பெரட்டுக்களம். பேர் கூப்பிடுவதும் வேலை பிரிப்பதும் அங்கேதான். நான் மகா புத்திசாலித்தனமாக அங்கேயே போய், கூட்டத்துக்கு நடுவே, "அண்ணே, தூக்கம் எப்படி? மனசு எப்படி?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன் சிஸ்டரம்மா" என்றார். மறுநாளும் அதே பதில். வாரம் முழுக்க நல்லாருக்கேன்தான். பெரட்டில் நின்று மனசு சரியில்லை என்று எந்த ஆண்பிள்ளை சொல்லுவான்? அடுத்த மாதம் வந்தபோது டாக்டர் அந்த வாரத்தைப் பார்த்துச் சிரித்தார். அதை அழிக்க வேண்டாம், ஆனால் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம் என்றார்.

அப்புறம் டிஸ்பென்சரியின் பின்கதவு வழியாக வரச் சொன்னேன். கேள்வியையும் மாற்றினேன். தோட்டத்தில் நேரம் என்பது ஃபேக்டரிச் சங்குதான். அதனால், "படுத்த பிறகு எந்தெந்தச் சங்கு காதில் விழுந்தது?" என்று கேட்டேன். இதற்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். எதுவும் விழவில்லை என்றால் நல்ல தூக்கம். ஏதோ ஒன்று விழுந்தது என்றால் அரைத் தூக்கம். எல்லாம் விழுந்தது என்றால் அன்றைக்குத் தூக்கமே இல்லை. ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் படுக்கிற நாளுக்கும் இதே கேள்வி சரியாக வந்தது.

மனசுக்கு மூன்று வார்த்தை வைத்துக்கொண்டோம். அவரே தேர்ந்தெடுத்தவை: வெயில், மஞ்சு, காத்து. வெயில் என்றால் சாதாரணமாக இருக்கிறது. மஞ்சு, அதாவது மூடுபனி, என்றால் எதுவும் பிடிக்கவில்லை. காத்து என்றால் உள்ளே எல்லாம் பறக்கிறது, யாராவது தொட்டால் வெடிக்கும். அவர் வராத நாளில் நோட்டில் அன்றைய கட்டத்தைக் காலியாக விட்டேன். நேற்றைப் போலத்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பக் கை துறுதுறுக்கும். டாக்டரின் முகம் ஞாபகம் வரும்.

இப்படியே வாரங்கள் ஓடின. சாரல் பிடித்தது. பதில்கள் சேர்ந்துகொண்டே போயின, எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தூங்காத நாளில் வெயில் என்கிறார். அயர்ந்து தூங்கிய நாளில் காத்து என்கிறார். இந்த மனிதர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், நானும் வேலையற்றுப்போய் எழுதுகிறேன் என்று எரிச்சலாக வந்தது.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது, சுருக்கமாக ஒரே தாளில் கொண்டுவா என்றார். கட்டம்போட்ட தாளில் இரண்டு நீளப் பட்டைகள் வெட்டினேன். ஒன்றில் தூக்கம்: நல்லது வெள்ளை, அரை பென்சில், இல்லாதது கறுப்பு மை. இன்னொன்றில் மனசு: காத்துக்குச் சிவப்பு, மஞ்சுக்கு நீலம், வெயிலுக்கு ஒன்றுமில்லை. மேலும் கீழுமாக மேஜையில் வைத்தேன். கறுப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். டாக்டர் தூக்கப் பட்டையை விரலால் மெதுவாக வலப்பக்கம் தள்ளினார். ஒரு கட்டம். இன்னொரு கட்டம்.

கறுப்புகள் போய்ச் சிவப்புகளின் தலைமேல் உட்கார்ந்தன.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரசவத்தில் குழந்தை முதல் மூச்சை இழுக்கும்போது வருமே, அதே சிலிர்ப்பு. தினமும் என் கையால் எழுதிய பதில்கள்தான். ஒன்றுகூடப் புதிதில்லை. தனித்தனியாக உளறலாகத் தெரிந்தவை சேர்ந்து நின்று பேசின. தொடர்ந்து தூக்கம் கெட்டால், இரண்டு நாள் கழித்துக் காத்து. காத்துக்குப் பின்னால் வரிசையாக மஞ்சு. அந்தக் கறுப்புகளுக்கு மேலே ஷிப்டைக் குறித்துப் பார்த்தோம். பெரும்பாலும் பகல் ஷிப்டிலிருந்து ராத்திரிக்கு மாறிய முதல் நாட்கள். ஒரே ஒரு சிவப்பு மட்டும் எதற்கும் பொருந்தாமல் தனியாக நின்றது.

"எப்போதும் என்று எழுதாதே. பெரும்பாலும் என்று எழுது. அந்த ஒண்ணையும் சொல்லணும். இதுதான் காரணம் என்றும் எழுதாதே, சேர்ந்து வருது, அவ்வளவுதான். முதல்ல அவர்கிட்டக் காட்டு. துரைக்குக் காட்டலாமா என்று அவர்தான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிகிற மாதிரி நாலு வரி எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். பட்டையை நானே தள்ளிக் காட்டினேன். அவர் திரும்ப முதலிலிருந்து தள்ளச் சொன்னார். பிறகு தானே தள்ளிப் பார்த்தார்.

"நான் கிறுக்கன் இல்லையா சிஸ்டரம்மா?"

"இல்லைண்ணே. தூக்கம் கெடுது. அதை முதல்ல பாப்போம்."

"அப்ப தொரைட்ட குடுத்துருங்க."

துரை நாலு வரியையும் படித்தார். பட்டையைத் தள்ளிப் பார்த்தார். அதைப் பார்த்த யாராலும் தள்ளாமல் இருக்க முடியவில்லை. அவரை நிரந்தரமாகப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார். மஞ்சு அதன்பின்னும் அவ்வப்போது வந்தது. காத்து அபூர்வமாகிவிட்டது. சீட்டு கிழியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி வந்தாள். வழக்கம்போல வயிற்றைக் காட்டுவாள் என்று பார்த்தேன். மடியிலிருந்து, துரை திருப்பிக் கொடுத்திருந்த அந்த நாலு வரித் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். எழுத்து தெரியாது. நாலு வரியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டி, வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் வாசித்தேன். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தையும் பார்த்தாள்.

"ராத்திரி சிப்டுன்னு இருக்கு, தூக்கம்னு இருக்கு. சிஸ்டரம்மா, எம்பேரு இதுல எங்கிட்டும் இல்லையா?"

"இல்லை தாயி."

"அந்தத் தனியா நிக்கிற செகப்புலயும்?"

"அது ஏன்னு எங்களுக்கே தெரியல. ஒம்பேரு எதுலயும் இல்ல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். சாயங்காலச் சங்கு ஊதும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.