பூட்டிய பாடங்கள்

என் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு முகாம், லொறி, கட்டாரில் ஓடு பதிக்கும் வேலை, வவுனியாவில் போன் திருத்தும் கடை. இணையத்தளம் கட்டுவதை அந்தக் கடையில் இருந்தபோது வீடியோ பார்த்துப் பழகினேன். படித்தவன் என்று யாரும் என்னை நினைத்ததில்லை. கிளிநொச்சியில் ரியூசன் நடத்தும் கணித சேர் ஒருவர் மட்டும், நான் குறைந்த கூலிக்குச் செய்வேன் என்று கேள்விப்பட்டு, கூப்பிட்டு வைத்துக் கதிரை தந்தார்.

அவருக்கு வேண்டியது சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதப் பாடங்களை விற்கும் தளம். மாணவர் தன் பெயரில் நுழைய வேண்டும், காசு கட்டியவருக்கு மட்டும் பாடம் திறக்க வேண்டும், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது வர வேண்டும், யார் எவ்வளவு பார்த்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் அதை ஒழுங்காகவே செய்தேன். வீடியோவின் முகவரியைப் பக்கத்தில் ஒளித்து வைத்தால் போதாது, தோண்டுகிறவன் எடுத்துவிடுவான். ஒவ்வொரு முறையும் சேர்வர் ஆளைப் பார்த்து, கட்டியவர்தானா என்று சரிபார்த்து, கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிற ஒரு இணைப்பைக் கொடுக்க வேண்டும். வங்கிக் காட் மூலம் கட்டுபவர் 'நன்றி' பக்கத்துக்கு வந்துவிட்டார் என்பதற்காகப் பாடத்தைத் திறக்கக் கூடாது; பணம் வாங்கும் நிறுவனம் நேரடியாக எங்கள் சேர்வருக்குச் செய்தி அனுப்பிய பிறகே திறக்க வேண்டும். ஆனால் வன்னியில் காட் வைத்திருப்பவர் குறைவு. சனம் வங்கியில் போட்டுவிட்டுச் சிலிப்பைப் படமெடுத்து ஏற்றும். சேர் அதைப் பார்த்து ஓம் என்று அமத்துவார். பார்த்ததைக் கணக்கெடுக்கும் வேலையில்தான் நான் அதிகம் மினக்கெட்டேன். வீடியோவைக் கடைசிக்கு இழுத்துவிட்டு முடித்தேன் என்று சொல்ல முடியாதபடி, எந்தத் துண்டு உண்மையில் ஓடியது என்பதைத் தளம் குறித்துக்கொள்ளும். சிக்னல் போனால் போனிலேயே வைத்திருந்து, திரும்ப வந்ததும் அனுப்பும்.

சேர் ஒன்றும் பாராட்டவில்லை. அவருக்கு ஒரே கவலை, ஒருவர் கட்டி நாலு பேர் பார்ப்பார்கள் என்பது. நான் சுலபமான வழி சொன்னேன்: வேறு போனில் நுழைந்தால் முதல் போன் தானாக வெளியேறும்.

"அது ஆரையும் பிடிக்காது தம்பி. எனக்கு ஆளைப் பிடிக்க வேணும்," என்றார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு கணக்குக்குள் பல ஐபி முகவரிகளிலிருந்து, அதாவது பல இணைய இணைப்புகளிலிருந்து, நுழைந்தால் அது பகிர்வு என்று. போனில் டேட்டா போடுகிறவருக்கு அந்த முகவரி நினைத்த நேரத்தில் மாறும், அது ஆளை அடையாளம் காட்டாது என்று இரண்டு முறை விளங்கப்படுத்தினேன். அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். பிறகு, அப்படி வரும் கணக்கைத் தானாகப் பூட்டும் விதியைத் தளத்தில் எழுதித் தரச் சொன்னார். பூட்டப்பட்டவர் நுழையும்போது சிவப்பில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்: 'பாடம் களவாகப் பகிர்ந்ததால் பூட்டப்பட்டது.' கூலி பாதி கையில் வந்திருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

முதல் மாதத்திலேயே சிலர் பூட்டுப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். அவளுக்குச் சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் தவறியிருந்தது. இந்த முறை சித்தியடையாவிட்டால் முன்பள்ளி வேலை இன்னொருத்திக்குப் போகும் என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்குச் சில கிழமைகளே இருந்தன. திரிகோண கணிதம் தொடங்கும் இடத்தில் அவளுடைய கணக்கு நின்றது.

உதவிக்கென்று தளத்தில் என் இலக்கம்தான் இருந்தது. அதற்குக் கோல் எடுத்தாள்.

"அண்ணே, நான் யாருக்கும் குடுக்கல. எங்கிட்ட ரெண்டு சிம் இருக்கு. வீட்ல ஒண்ணுக்கு சிக்னல் எடுக்கும், கொளக்கட்டுல மத்ததுக்கு எடுக்கும். அவ்வளவுதான்."

அவளுடைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒரே போன். பகிர்ந்த கணக்கென்றால் ஒரே நேரத்தில் இரண்டு பாடம் ஓடும், இங்கே அப்படி ஒன்றுமில்லை. வீட்டில் பாடம் நின்ற இடத்திலிருந்து குளக்கட்டில் தொடர்ந்திருந்தாள். விளங்காத துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தாள். அந்தத் தளத்தில் அவளைப்போல் யாரும் படிக்கவில்லை.

இதைச் சேரிடம் கொண்டுபோனேன். அவர் திரையைப் பார்க்கவேயில்லை. அவளுடைய பெயரை மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கனவே போட்டிருந்தார், 'களவாகப் பார்ப்பவர்களுக்கு எச்சரிக்கை' என்று, ஊரின் பெயரோடு. அதன் கீழ் பிள்ளைகள் சிரிப்புப் படங்கள் போட்டிருந்தன.

"உந்தத் தோட்டத்துச் சனத்தை எனக்குத் தெரியும். ஒராள் கட்டும், லயத்து வீடெல்லாம் பாக்கும்."

"அவை இப்ப லயத்தில இல்லை சேர். ஒரே போன்தான், இஞ்ச பாருங்கோ."

"தம்பி, பயந்தாத்தான் சனம் கட்டும். புதுசாக் கட்டச் சொல்லும். திறந்து விடுவம்."

புதிதாகக் கட்டினால் கணக்கு முதலாம் பாடத்திலிருந்து தொடங்கும். முடித்தது எல்லாம் அழியும், ஒவ்வொன்றாக ஓட்டினால்தான் அடுத்தது திறக்கும். பரீட்சைக்கு முன் அவள் திரிகோண கணிதத்தைக் காணமாட்டாள். இதையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, பூட்டுப்பட்டவர்களில் எத்தனை பேர் இதுவரை திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த விதி பிழையானது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். பிழையாக இருப்பதுதான் அவருக்கு வேண்டியது. என் முன்னால் இருந்த தேநீரைக் குடிக்க முடியவில்லை. பசி கிடந்திருக்கிறேன், அழுகிய மீனும் தின்றிருக்கிறேன், ஆனால் அந்தத் தேநீர் இறங்கவில்லை.

அன்று மத்தியானமே தளத்துக்குள்ளே போய் அவளுடைய கணக்கைத் திறந்துவிட்டு, அந்த விதியையும் எடுத்துவிட்டேன். அவளுக்குச் சொன்னேன்.

"சேர் தெறக்கச் சொன்னாரா?"

இல்லை என்றேன்.

"குழுவுல என் பேர எடுத்துட்டாரா?"

அதுவும் இல்லை. முன்பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் தாய்மார் இருவர் அந்தக் குழுவில் இருந்தார்களாம், தங்கள் மூத்த பிள்ளைகளுக்காக. அன்றிலிருந்து அவர்கள் கதைக்கும் விதம் மாறிவிட்டதாம்.

சேர் மூன்றாம் நாளே கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொடியனைப் பிடித்து என் கடவுச்சொல்லை மாற்றி, விதியைத் திரும்பப் போட்டார். அவளுடைய கணக்கு மறுபடி பூட்டுப்பட்டது. எனக்குத் தர வேண்டிய மீதியைப் பற்றிக் கதைக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சோதித்துப் பார்க்கவென்று சில வீடியோக்கள் என் மடிக்கணினியில் கிடந்தன. திரிகோண கணிதமும் அதில் இருந்தது. ஒரு மெமரி காட்டில் போட்டுக்கொண்டு, கொக்கிளாயில் மீனுக்கு ஐஸ் கட்டி ஏற்றும் புது வேலைக்குப் போகும் வழியில் ஒட்டுசுட்டானில் இறங்கினேன். முன்பள்ளி விட்டிருந்தது. அவள் சின்னக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெமரி காட்டை நீட்டினேன், என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இத எடுத்தா அவரு சொன்னது உண்மையாயிரும் அண்ணே."

"நீங்கள் காசு கட்டின பாடம்தானே, தங்கச்சி."

"எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும்."

திருப்பித் தந்தாள். மேசையில் அரசாங்கப் பாடப்புத்தகம் ஒன்று விரித்திருந்தது, யாரோ வாசித்துக் கிழித்த பழைய புத்தகம். மீதியை அதிலிருந்தே படிக்கப்போவதாகச் சொன்னாள். ஒரு முக்கோணத்தின் மேல் பென்சிலை வைத்தாள்.

"இந்த சைன் கணக்கு ஒங்களுக்கு வெளங்குமா?"

அத்தனை பாடத்தையும் ஏற்றியது நான். ஒன்றையாவது இருந்து பார்த்ததில்லை. தெரியாது என்றேன்.

"சரி அண்ணே," என்றாள், பாடத்தின் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். பஸ் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்தேன்.