இருமல் டீச்சர் இருமாத நாள்

எங்கள் மெடிக்கல் காலேஜ் லேபில் என்னோடு வேலை பார்க்கும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் இருமல் டீச்சர். நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. செய்முறைத் தேர்வில் மைக்ராஸ்கோப் ஸ்டேஷன் எப்போதும் அவளுடையது. ஸ்பாட்டர் மேஜைகளில் கொடி குத்திய எலும்பையும் ஜாடி உறுப்பையும் பார்த்துப் பெயர் எழுதிவிட்டு, மணி அடித்ததும் பிள்ளைகள் இவளிடம் வருவார்கள். கண்ணாடி ஸ்லைடில் தடவிய ரத்தத்தில் ஒரு வெள்ளையணுவைக் காட்ட வேண்டும். கண்காணிப்பவர் வாய் திறக்கக் கூடாது, செக்லிஸ்டில் டிக் மட்டும்.

ஸ்லைடில் எண்ணெய் விட்டபின் நூறு மடங்கு லென்ஸ்தான், நாற்பது மடங்கு லென்ஸில் எண்ணெய் படவே கூடாது. அணு கிடைக்காத பதற்றத்தில் பிள்ளைகள் நாற்பதைத் திருப்புவார்கள். அது எண்ணெயில் முங்கி நாசமாகும். செக்லிஸ்டில் அந்தக் கட்டத்துக்கு டிக் விழாவிட்டால் ஸ்டேஷனே ஃபெயில், ஸ்டேஷன் ஃபெயிலானால் தேர்வும் ஃபெயில். கை அந்தப் பக்கம் போனாலே இவள் இருமுவாள், பிள்ளை சுதாரித்துக் கையை இழுத்துக்கொள்ளும். விதிப்படி தப்பு. எனக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவள் படித்த காலத்தில் செக்லிஸ்ட் கிடையாது. பெரிய புரொஃபசர் ஒருவர், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்ன இவளை, "மூஞ்சியப் பாத்தாலே படிக்கலன்னு தெரியுது" என்று ஃபெயிலாக்கினார். ஒரு வருஷம் போனது. ஜூனியர்களோடு உட்கார்ந்து படித்தாள். அந்த மனுஷன் பெயரை எடுத்தாலே இன்றும் பல்லைக் கடிப்பாள்.

அவர் மகன் எங்கள் கல்லூரியில் சேர்ந்தான். "வரட்டும்" என்றாள் என்னிடம்.

தேர்வன்று அவன் வந்தான். நல்ல பையன். எண்ணெய் விட்டான், நூறைப் போட்டான், தேடினான், கிடைக்கவில்லை. விரல் நாற்பதுக்குப் போனது. அடுத்த மேஜையிலிருந்து நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். லென்ஸ் எண்ணெயில் இறங்கியது. மணி அடித்தது.

முடிவு வந்ததும் புரொஃபசர் ஓடி வந்தார். இந்த வரவுக்காகவே அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். செக்லிஸ்டை அவர் முன் நீட்டி, காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"ஒரு சின்ன ஜாடை காட்டியிருக்கலாமேம்மா."

"வாய் தெறக்கக் கூடாதுன்னு விதி சார்." நிறுத்திச் சொன்னாள். "நான் உங்க கிட்ட படிச்சவதான். ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார். அவளை அவருக்குத் துளியும் ஞாபகமில்லை. ஆனால் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படியா? அதான் இவ்ளோ கறாரு. உன் எடத்துல நான் இருந்திருந்தாலும் இதத்தாம்மா செஞ்சிருப்பேன்."

அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அவள் நெடுநேரம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.